தனிவட்டி, அரையாண்டுக் கூட்டுவட்டி: இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நேராகக் கண்டுபிடிப்பது எப்படி?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை மகள் ஒரு நாள் மாலை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, சூத்திரம் சரியாத்தான் போட்டேன். விடையும் ஆப்ஷன்ல இருக்கு. ஆனா தப்புன்னு காட்டுது" என்றாள். கேள்வி இதுதான்:

ரூ.40,000க்கு ஆண்டுக்கு 10% வட்டி வீதத்தில், அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிடப்பட்டால், ஓராண்டில் கிடைக்கும் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன? கொடுத்திருந்த விடைகள் 50, 100, 200, 400.

அவள் 400 என்று குறித்திருந்தாள். வித்தியாசத்துக்கான சூத்திரம் அவளுக்கு மனப்பாடம். ஓராண்டுக்கு இரண்டு அரையாண்டு என்பதும் தெரியும். எனவே இரண்டு ஆண்டுக்கான சூத்திரத்தை எடுத்து, 40,000 × (10/100)² என்று போட்டு 400 கொண்டுவந்துவிட்டாள். காலத்தை இரண்டாக்கியவள் வட்டி வீதத்தைப் பாதியாக்க மறந்துவிட்டாள். சரியான விடை 100.

இந்தத் தவற்றைச் செய்தால் விடை எப்போதும் சரியாக நான்கு மடங்காக வரும். வீதம் இரண்டு மடங்கு, அதை வர்க்கம் செய்வதால் நான்கு மடங்கு. கேள்வி தயாரிப்பவருக்கும் இது தெரியும். அதனால்தான் 100, 400 இரண்டும் விடைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் விடையின் கால் பங்கு பட்டியலில் இன்னொரு விடையாக இருந்தால், ஒரு நிமிடம் நின்று வீதத்தைப் பாதியாக்கினோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சூத்திரத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு அவள் போயிருப்பாள். அடுத்த வாரம் ஒன்றரை ஆண்டுக் கணக்கோடு வந்திருப்பாள். அதனால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே தொடங்கினோம். நாமும் அப்படியே போவோம்.

நோட்டை மாற்றி எழுதும்போது என்ன நடக்கிறது?

எங்கள் பக்கத்தில் 'ஒரு ரூபாய் வட்டி' என்று சொன்னால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்று பொருள். ஆண்டுக்கு 12%. ஒருவர் ரூ.50,000 பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்து, ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் வட்டி 3,000 ரூபாய். அவரால் கட்ட முடியவில்லை. "சரி, வட்டியை முதலோடு சேர்த்து நோட்டை மாற்றி எழுதிக்கலாம்" என்கிறார் கொடுத்தவர். புது நோட்டு ரூ.53,000க்கு.

அடுத்த ஆறு மாதத்துக்கு வட்டி 53,000க்கு 6%. அதாவது 3,180 ரூபாய். முதல் ஆறு மாதத்தில் 3,000, இரண்டாவதில் 3,180, ஆக மொத்தம் 6,180. நோட்டை மாற்றாமல் தனிவட்டியாகவே விட்டிருந்தால் ஆண்டு முடிவில் வட்டி 6,000தான். வித்தியாசம் 180 ரூபாய்.

இந்த 180 எங்கே பிறந்தது? முதல் ஆறு மாத வட்டியான 3,000 ரூபாய் முதலோடு சேர்ந்து, அடுத்த ஆறு மாதத்தில் தானும் 6% வட்டி சம்பாதித்தது. 3,000க்கு 6% என்றால் 180. வட்டி குட்டி போட்டது என்பார்களே, அந்தக் குட்டி இந்த 180தான். வேறு எந்த இடத்திலும் இரண்டு கணக்குகளும் பிரியவில்லை. 50,000க்கான வட்டி இரண்டிலும் ஒன்றேதான்.

தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்பது வட்டிக்குக் கிடைத்த வட்டி மட்டுமே. இதைப் பிடித்துக்கொண்டால், இரண்டு மொத்தத் தொகைகளையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கழிக்கும் வேலை போய்விடுகிறது. வட்டியின் வட்டியை மட்டும் நேராகக் கணக்கிட்டால் போதும்.

முதல் படி: கேள்வியின் வாசகம்

'ஆண்டுக்கு 10%, அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிடப்படுகிறது' என்றால் ஒவ்வொரு அரையாண்டுக்கும் வீதம் 5%. 'அரையாண்டுக்கு 10% வீதம்' என்று இருந்தால் ஒவ்வொரு அரையாண்டுக்கும் 10% முழுசாக வரும். அதைப் பாதியாக்கக் கூடாது. தமிழில் இந்த இரண்டு வாசகங்களும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கின்றன. அவசரத்தில் வாசிக்கும்போது 'ஆண்டுக்கு' என்ற சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. வீதத்தோடு ஒட்டி நிற்கும் சொல்தான் வீதத்துக்கு உரியது. 'ஒருமுறை' என்பதோடு ஒட்டி நிற்கும் சொல், எப்போது முதலோடு சேர்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறது.

சரி, வாசித்தாயிற்று. இப்போது இரண்டு எண்களை மட்டும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, ஓர் அரையாண்டுக்கான வீதம். இதை h என்போம். ஆண்டு வீதம் r என்றால் h = r/200. அதாவது ஆண்டு வீதத்தைப் பாதியாக்கி நூறால் வகுத்தது. இரண்டாவது, மொத்தம் எத்தனை அரையாண்டு என்பது. ஓராண்டுக்கு 2, ஒன்றரை ஆண்டுக்கு 3, இரண்டு ஆண்டுக்கு 4.

இதற்கு மேல் கேள்வியில் இருக்கும் r, ஆண்டு இரண்டையும் மறந்துவிடலாம். இனி நம் கணக்கு முழுவதும் அரையாண்டுகளில்தான். ஆண்டுக் கணக்கையும் அரையாண்டுக் கணக்கையும் கலந்து வைத்துக்கொண்டதுதான் என் மருமகள் செய்த தவறு.

ஓராண்டு: இரண்டு அரையாண்டு

அசல் P. முதல் அரையாண்டு வட்டி P × h. இந்த வட்டி இரண்டாம் அரையாண்டில் மறுபடியும் h வீதத்தில் சம்பாதிக்கிறது. எனவே,

```
வித்தியாசம் (1 ஆண்டு) = P × h²      (h = r/200)
```

40,000 கணக்குக்கு h = 5/100, அதாவது 1/20. அதன் வர்க்கம் 1/400. 40,000ஐ 400ஆல் வகுத்தால் 100. மனக்கணக்காகவே வந்துவிடுகிறது.

சதவீதத்தைப் பின்னமாக மாற்றிக்கொள்வது இங்கே பெரிய வசதி. 8% கொடுத்தால் h 4%, அதாவது 1/25; 625ஆல் வகுக்க வேண்டும். 20% என்றால் 1/10. நூறால் வகுத்தால் முடிந்தது. 5% என்றால் இரண்டரை சதவீதம், 1/40; 1,600ஆல் வகுக்க வேண்டும். இந்தக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் வீதங்கள் சிலவே. அவற்றின் பாதியைப் பின்னமாக நினைவில் வைத்திருந்தால் தசமப் புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். 12% மட்டும் விதிவிலக்கு. 6% என்பது 3/50. அதற்குச் சதவீதமாகவே வைத்து 36/10000 என்று போடுவதுதான் எளிது.

இந்த ஓராண்டுச் சூத்திரம் துல்லியமானது, தோராயம் அல்ல. அதோடு இன்னொரு வகைக் கேள்விக்கும் இதுவே விடை தரும். 'ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிடும் கூட்டுவட்டிக்கும் அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடும் கூட்டுவட்டிக்கும் ஓராண்டில் வித்தியாசம் என்ன?' என்று கேட்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சேர்க்கும்போது முதல் ஆண்டில் வட்டிக்கு வட்டியே கிடையாது, அது தனிவட்டியேதான். எனவே விடை அதே P × h². கேள்வி புதிதாகத் தெரியும், கணக்கு பழையது.

ஒன்றரை ஆண்டு: இங்கேதான் நிதானம் வேண்டும்

அதே 40,000, அதே 10%, இப்போது ஒன்றரை ஆண்டு. சூத்திரத்துக்கு முன்னால் ஒருமுறை கைக்கணக்காகப் போட்டுப் பார்ப்போம். மருமகளின் நோட்டில் இப்படித்தான் எழுதினோம்:

```
அரையாண்டு   தொடக்கத் தொகை   5% வட்டி   தனிவட்டியைவிடக் கூடுதல்
   1          40,000          2,000          0
   2          42,000          2,100        100
   3          44,100          2,205        205
முடிவில்      46,305          6,305        305
```

தனிவட்டி மூன்று அரையாண்டுக்கும் 2,000 வீதம் 6,000. கூட்டுவட்டி 6,305. வித்தியாசம் 305.

கடைசிப் பத்தியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டாம் அரையாண்டில் கூடுதல் 100. இது முதல் அரையாண்டு வட்டி 2,000 போட்ட குட்டி. மூன்றாம் அரையாண்டில் கூடுதல் 205. அந்த 205ஐப் பிரித்தால், முதல் அரையாண்டு வட்டி 2,000 மறுபடி ஒரு 100 சம்பாதித்திருக்கிறது. இரண்டாம் அரையாண்டில் அசலுக்கு வந்த வட்டி 2,000 ஒரு 100 சம்பாதித்திருக்கிறது. முன்பு பிறந்த அந்தக் குட்டி 100 தானும் 5% சம்பாதித்து 5 ரூபாய் கொண்டுவந்திருக்கிறது. 100 + 100 + 5.

ஆக மொத்தத்தில் 100 ரூபாய்த் துண்டுகள் மூன்று, 5 ரூபாய்த் துண்டு ஒன்று. 100 என்பது P × h². 5 என்பது P × h³. இதை அப்படியே எழுதினால் சூத்திரம் வந்துவிடும்:

```
வித்தியாசம் (1½ ஆண்டு) = 3Ph² + Ph³ = P × h² × (3 + h)
```

100 × 3.05 = 305.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் மூன்று ஆண்டுக்கான வித்தியாசச் சூத்திரம் P(r/100)²(3 + r/100) என்று இருக்கிறது அல்லவா? அதேதான் இது, r/100 இருந்த இடத்தில் r/200 வந்திருக்கிறது, அவ்வளவே. மூன்று ஆண்டு என்பது மூன்று தவணை. ஒன்றரை ஆண்டை அரையாண்டாகப் பிரித்தாலும் மூன்று தவணை. சூத்திரத்துக்கு ஆண்டு தெரியாது, தவணைதான் தெரியும்.

அந்த 3 எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். முந்தைய ஓர் அரையாண்டின் வட்டி, பிந்தைய ஓர் அரையாண்டில் சம்பாதிக்கிறது. அப்படி எத்தனை ஜோடி அமைக்கலாம்? மூன்று அரையாண்டுக்கு 1-2, 1-3, 2-3 என்று மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு Ph².

தேர்வில் நேரம் நெருக்கினால் இந்த ஜோடிக் கணக்கு மட்டுமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று ஜோடி, ஜோடிக்கு 100, ஆக 300க்குச் சற்று மேல். விடைப் பட்டியலில் 300, 305, 330, 400 என்று இருந்தால் 305தான். 300ஐக் குறித்துவிட வேண்டாம். கடைசித் துண்டான Ph³ எப்போதும் கூடுதலாகத்தான் வரும், எனவே சரியான விடை ஜோடிக் கணக்கைவிட ஒரு பிடி அதிகமாகவே இருக்கும்.

இதே ஒன்றரை ஆண்டு, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை

நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிற இடம் இது. 'ரூ.40,000, ஆண்டுக்கு 10%, ஆண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிடப்படுகிறது, காலம் 1½ ஆண்டு' என்று கேட்டால் மேலே சொன்ன சூத்திரத்தைப் போடக் கூடாது.

இதில் முதல் ஆண்டு முடியும்வரை வட்டி முதலோடு சேராது. ஆண்டு முடிவில் 4,000 சேர்ந்து 44,000 ஆகும். மீதி அரையாண்டுக்கு 44,000க்கு 5% வட்டி, 2,200. மொத்த வட்டி 6,200. தனிவட்டி 6,000. வித்தியாசம் 200 மட்டுமே.

ஜோடியாகப் பார்த்தால் காரணம் புரியும். முதல் ஆண்டின் இரண்டு பாதிகளுக்கிடையே குட்டி போட அனுமதி இல்லை. எனவே 1-2 என்ற ஜோடி கிடையாது. 1-3, 2-3 இரண்டு மட்டும்தான். இரண்டு ஜோடி, 200. அந்த 5 ரூபாய்த் துண்டும் இல்லை, ஏனென்றால் அது பிறப்பதற்குக் காரணமான முதல் குட்டியே இல்லை.

ஒரே அசல், ஒரே வீதம், ஒரே காலம். ஒரு சொல் மாறியதும் 305, 200 ஆகிவிட்டது. 'ஒன்றரை ஆண்டு' என்ற சொல்லைப் பார்த்ததுமே 'ஓ, அரையாண்டுக் கணக்கு' என்று கை தானாகப் போகும். அப்படிப் போகவிடாமல், எப்போது முதலோடு சேர்க்கிறார்கள் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். எதுவுமே சொல்லவில்லை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஆண்டு

நான்கு அரையாண்டு. ஜோடிகள் 1-2, 1-3, 1-4, 2-3, 2-4, 3-4 என்று ஆறு. மும்மூன்றாக எடுத்தால் நான்கு. நான்கையும் சேர்த்து ஒன்று. எனவே P × h² × (6 + 4h + h²). நம் கணக்குக்கு 100 × (6 + 0.2 + 0.0025), அதாவது ரூ.620.25. பாஸ்கல் முக்கோணம் தெரிந்தவர்களுக்கு 1, 4, 6, 4, 1 என்ற வரிசை நினைவுக்கு வரும். அதில் முதல் 1 அசல், அடுத்த 4 நான்கு தவணைத் தனிவட்டி, மீதமுள்ள 6, 4, 1 வித்தியாசம்.

இதற்கு மேல் தவணைகள் போனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்பது என் கருத்து. ஐந்து, ஆறு அரையாண்டு வந்தால் (1 + h)ஐ நேராகப் பெருக்கிக்கொண்டு போய், தனிவட்டியைக் கழித்துவிடுவதுதான் வேகமானது.

கேள்வியைத் திருப்பிப் போட்டால்

வித்தியாசத்தைக் கொடுத்துவிட்டு அசலைக் கேட்பது இந்தப் பகுதியில் அடிக்கடி வருகிற வகை. இதில்தான் சூத்திரம் தன் பலத்தைக் காட்டுகிறது, ஏனென்றால் மொத்தத் தொகை கண்டுபிடித்துக் கழிக்கும் வழி இங்கே x, y என்று இழுத்துக்கொண்டு போகும்.

ஆண்டுக்கு 8%, அரையாண்டுக்கு ஒருமுறை, ஓராண்டு வித்தியாசம் ரூ.56. அசல்? h என்பது 1/25. அசலை 625ஆல் வகுத்ததில் 56 வந்திருக்கிறது. எனவே அசல் 56 × 625, அதாவது ரூ.35,000. சரிபார்க்க அரை நிமிடம் போதும். 35,000க்கு 4% என்றால் 1,400. அந்த 1,400க்கு 4% என்றால் 56. சரியாக இருக்கிறது.

ஒன்றரை ஆண்டுக்கும் இதே வழிதான், ஆனால் அங்கே 3 + h என்பதால் வகுத்தல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 10%, ஒன்றரை ஆண்டு, வித்தியாசம் ரூ.183 என்று வைத்துக்கொள்வோம். இங்கே பின்னம் கைகொடுக்கும். h = 1/20 என்பதால் h² × (3 + h) என்பது 1/400 × 61/20, அதாவது 61/8000. இதன் பொருள் என்னவென்றால், அசல் 8,000 ஆக இருந்தால் வித்தியாசம் 61. நமக்கு வந்திருப்பது 183, மூன்று 61. எனவே அசல் மூன்று 8,000, ரூ.24,000. முன்பு பார்த்த 305ம் ஐந்து 61தான். அசல் ஐந்து 8,000. 10% ஒன்றரை ஆண்டு என்றதும் 61 என்ற எண் மனதில் வந்தால் இந்த வகைக் கேள்வி பத்து விநாடி வேலை.

வீதத்தைக் கேட்டால்? ரூ.25,000க்கு ஓராண்டில் வித்தியாசம் ரூ.90. 90ஐ 25,000ஆல் வகுத்தால் 36/10000. வர்க்கமூலம் 6/100. இங்கே பலரும் 6% என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். 6% என்பது அரையாண்டு வீதம். கேட்டது ஆண்டு வீதம் என்றால் விடை 12%. போகும்போது பாதியாக்கியதை வரும்போது இரட்டிப்பாக்க வேண்டும்.

இன்னொரு வகை எனக்குப் பிடித்தமானது. அசலும் தெரியாது, வீதமும் தெரியாது. ஓராண்டுத் தனிவட்டி ரூ.4,000, அரையாண்டுக் கூட்டுவட்டி ரூ.4,100 என்று மட்டும் கொடுப்பார்கள். பார்த்தால் போதாது போலத் தோன்றும். பிராமிசரி நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுத் தனிவட்டி 4,000 என்றால் முதல் அரையாண்டு வட்டி 2,000. அந்த 2,000 போட்ட குட்டி 100. 2,000க்கு 100 என்றால் 5%. எனவே ஆண்டு வீதம் 10%. 5% வட்டி 2,000 என்றால் அசல் 40,000. சூத்திரம் எதையும் தொடவே இல்லை. இதை என் மருமகள் தானாகவே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான், இனி அவள் 400 என்று குறிக்க மாட்டாள் என்று எனக்கு நிம்மதி வந்தது.

சூத்திரம் எங்கே செல்லாது?

எல்லா அரையாண்டுக்கும் வீதம் ஒன்றாக இருந்தால் மட்டுமே h² வரும். முதல் அரையாண்டுக்கு ஆண்டு வீதம் 10%, இரண்டாவதற்கு 12% என்றால் h² இல்லை, இரண்டு வீதங்களின் பெருக்கல். 40,000 × 5/100 × 6/100 = 120. முதல் அரையாண்டு வட்டி 2,000, அது அடுத்த அரையாண்டில் 6% சம்பாதித்தது, 120. காரணம் தெரிந்திருந்தால் சூத்திரம் உடைந்த இடத்திலும் கணக்கு நிற்கும்.

நடுவில் பணம் எடுத்தாலோ, போட்டாலோ, ஒன்பது மாதம் போல அரையாண்டில் அடங்காத காலம் வந்தாலோ, மேலே செய்ததுபோல அட்டவணை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உண்மையான பாஸ்புக்கில் பைசா முழுமையாக்குவதாலும் நாள் கணக்காலும் ஓரிரு ரூபாய் முன்பின் ஆகும்.

இப்போது நிஜச் சேமிப்புக்கு வருவோம். அஞ்சலகத்தின் தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கும் கிசான் விகாஸ் பத்திரத்துக்கும் முன்பு அரையாண்டுக்கு ஒருமுறைதான் வட்டி முதலோடு சேர்ந்துகொண்டிருந்தது. 2016 ஏப்ரல் 1 முதல் அதை ஆண்டுக்கு ஒருமுறையாக மாற்றினார்கள். அதனால் ஒருவர் எவ்வளவு இழப்பார் என்று பார்க்க நம் சூத்திரமே போதும். வீதம் 8% என்று வைத்துக்கொண்டால், h² என்பது 16/10000. பத்தாயிரம் ரூபாய்க்கு முதல் ஆண்டில் 16 ரூபாய். அதாவது அரையாண்டுக்கு ஒருமுறை சேர்க்கும் 8%, ஆண்டுக்கு ஒருமுறை சேர்க்கும் 8.16%க்குச் சமம். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது வீதத்தோடு h²ஐக் கூட்டிக்கொண்டு ஒப்பிட்டால் ஏமாற மாட்டோம்.

வங்கிகளில் நிரந்தர வைப்புக்கு இங்கே பொதுவாகக் காலாண்டுக்கு ஒருமுறைதான் வட்டி சேர்க்கிறார்கள். அப்போது h என்பது r/400, ஓராண்டுக்கு நான்கு தவணை. இரண்டு ஆண்டுக்குப் பார்த்த அதே 6, 4, 1 இங்கே ஓராண்டுக்கே வரும்.

கடைசியாக, அரையாண்டு என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டுவட்டி என்று நினைத்துவிடக் கூடாத ஓர் இடம் உண்டு. ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டி வீதச் சேமிப்புப் பத்திரங்களில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் வட்டி தருகிறார்கள். தருகிறார்கள் என்றால் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். பத்திரத்தின் முதலோடு சேர்ப்பதில்லை, சேர்த்து வைக்கும் வசதியும் அதில் கிடையாது. எனவே பத்திரத்தைப் பொறுத்தவரை அது தனிவட்டி. ஜூலையில் வந்த பணத்தை நீங்களே வேறு இடத்தில் போட்டு வைத்தால் அது அங்கே எத்தனை சதவீதம் சம்பாதிக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் குட்டி. பத்திரத்தின் வீதத்தை h²இல் போட்டுக் கணக்குப் பார்த்தால் வராத பணத்தை வந்ததாக எழுதிக்கொள்வோம். முதல் அரையாண்டு வட்டியையும், அது போய்ச் சேர்ந்த இடத்தின் அரையாண்டு வீதத்தையும் பெருக்குங்கள்.